சேர்த்தான் – சேர்க்கிறான் – சேர்வான்: இதில் எங்கே தப்பு?

அல்சூர் அம்மா
பொண்ணு ஏழாவது படிக்கிறா. தமிழ் டியூஷன்ல ஒரு பயிற்சித்தாள் கொடுத்திருக்காங்க. "ஒரே வினையின் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் முறையே அமைந்த வரிசையைத் தேர்க" என்று கேள்வி. விடைகள்:

அ) சேர்ந்தான் – சேர்க்கிறான் – சேர்வான்
ஆ) சேர்த்தான் – சேர்கிறான் – சேர்ப்பான்
இ) சேர்ந்தான் – சேர்கிறான் – சேர்வான்
ஈ) சேர்த்தான் – சேர்க்கிறான் – சேர்வான்

அவ ஈ போட்டிருக்கா. விடைத்தாள்ல இ. நாலு வரிசையிலுமே முதல்ல இறந்தகாலம், அப்புறம் நிகழ்காலம், கடைசியில எதிர்காலம்னு சரியாத்தானே இருக்கு? எல்லாத்துக்கும் பகுதி "சேர்" தானே? அப்புறம் மத்த மூணும் எப்படித் தப்பாகும்?

தேர்வாளன்
வேர்ச்சொல் கேள்வியா? விடை "சேர்". விகுதியையும் இடைநிலையையும் எடுத்துட்டா மிச்சம் இருப்பது வேர்ச்சொல். குரூப் 4-ல இந்த மாதிரி நிறைய வரும். சேர்ந்தான், சேர்த்தான், சேர்வான் எல்லாத்துக்கும் சேர்தான்.

அல்சூர் அம்மா
வேர்ச்சொல் கேட்கலைங்க. வரிசையைத்தான் கேட்டிருக்காங்க. கேள்வியை இன்னொரு தடவை பாருங்க.

மரபுவழி
ரொம்பச் சுலபம். சேர்ந்தான் தன்வினை, சேர்த்தான் பிறவினை. பள்ளியில் சேர்ந்தான், பணத்தைச் சேர்த்தான். இந்த ஜோடியில் "எதை?" என்று கேட்டால் பதில் வருவது பிறவினை. ஒற்று இரட்டித்தால் பிறவினை, இரட்டிக்காவிட்டால் தன்வினை. ஈ வரிசையில் முதல் இரண்டும் பிறவினை, மூன்றாவது தன்வினை. அதனால் தப்பு. இதை மனப்பாடம் பண்ணினால் போதும்.

ஒற்றுப்பிழை
சேர் விஷயத்தில் மரபுவழி சொன்னது சரி. ஆனால் "இரட்டித்தால் பிறவினை" என்பதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள். நடக்கிறான், சிரிக்கிறான், இருக்கிறான், படுக்கிறான் – எல்லாவற்றிலும் க் இரட்டிக்கிறது. இவற்றில் எதை நோக்கி "எதை?" என்று கேட்பீர்கள்? மறுபக்கம், செய்கிறான், உண்கிறான், எழுதுகிறான் – இரட்டிக்கவில்லை, ஆனால் "எதை?" என்றால் பதில் வருகிறது. இரட்டிப்பு என்பது வினையின் வகை. தன்வினை பிறவினை அதன்மேல் சில வினைகளில் மட்டும் வந்து உட்காருகிறது.

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பகுதி நான்கிலும் "சேர்" என்பது உண்மை. ஆனால் அங்கே "சேர்" என்று இரண்டு வினைகள் இருக்கின்றன. ஏவலில் மட்டும் ஒரே உருவம். "நீ பள்ளியில் சேர்", "நீ பணத்தைச் சேர்". ஏவலை வைத்துப் பிரிக்கவே முடியாது, அதில்தான் உங்கள் பெண் ஏமாந்திருக்கிறாள். பிரித்துக் காட்டுவது வேறொரு வடிவம்: பின்னால் "வேண்டும்" போட்டுப் பாருங்கள்.

பள்ளியில் சேர வேண்டும். பணத்தைச் சேர்க்க வேண்டும்.

இங்கேயே உடைந்துவிடும். "வேண்டும்" முன்னால் க்க வந்தால், நிகழ்காலத்தில் க்கிற், எதிர்காலத்தில் ப்ப். வராவிட்டால், நிகழ்காலத்தில் வெறும் கிற், எதிர்காலத்தில் வ். சேர: சேர்கிறான், சேர்வான். சேர்க்க: சேர்க்கிறான், சேர்ப்பான். இந்த ஜோடி கலப்பதில்லை. அ வரிசையில் க்கிற் பக்கத்தில் வ் நிற்கிறது, ஆ வரிசையில் கிற் பக்கத்தில் ப்ப், ஈ வரிசையில் மறுபடி க்கிற் பக்கத்தில் வ். மூன்றும் நிகழ்காலம், எதிர்காலம் என்ற இரண்டைப் பார்த்ததுமே வெளியே போய்விடுகின்றன. இறந்தகாலத்தைத் தொடவே வேண்டாம்.

இதே மாதிரி கேள்வியில் வரக்கூடியவை: அடை (அடைய / அடைக்க), மறை (மறைய / மறைக்க), உடை (உடைய / உடைக்க), படி (தூசு படிய / பாடம் படிக்க). கேள்வி அமைப்பவர்கள் திரும்பத் திரும்ப இந்த வட்டத்துக்குள்தான் சுற்றுவார்கள்.

அல்சூர் அம்மா
இப்பப் புரியுது. ஆனா ஏன் இறந்தகாலத்தைத் தொட வேண்டாம்னு சொல்றீங்க? சேர்ந்தான்ல ந்த், சேர்த்தான்ல த்த். அதுவும் தெளிவாத்தானே இருக்கு?

ஒற்றுப்பிழை
சேர் சொல்லில் தெளிவு. த்த் பார்த்தால் க்கிற், ப்ப் வரும் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் ந்த் பார்த்தால் எதையும் முடிவு செய்ய முடியாது.

நடந்தான். ந்த் இருக்கிறது. சேர்ந்தான் போல நினைத்தால் நடகிறான், நடவான் என்று வர வேண்டும். வருவது நடக்கிறான், நடப்பான். "நடக்க வேண்டும்" என்பதில் க்க இருக்கிறதே, அதன்படிதான் வருகிறது. கடந்தான், மறந்தான், திறந்தான், பறந்தான், அளந்தான் எல்லாம் இப்படியே. பகுதி அகரத்தில் முடிகிறது பாருங்கள்: நட, கட, மற, திற, பற, அள. இவற்றோடு உகரத்தில் முடியும் "இரு"வையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இருந்தான், இருக்கிறான், இருப்பான்.

ஆகவே "சேர்ந்தான், நடந்தான் இரண்டிலும் ந்த், அதனால் ஒரே வகை" என்று ஒரு பிள்ளை சொன்னால், காலத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு வகையில் சறுக்கியிருக்கிறது.

மரபுவழி
இரட்டிப்பு விஷயத்தில் நான் சொன்னது அவசரம்தான், ஒப்புக்கொள்கிறேன். நடக்கிறான் என்பதை யோசிக்கவில்லை.

ஆனால் உங்கள் "வேண்டும்" சோதனையிலும் ஓட்டை இருக்கிறது. உண்ண வேண்டும். க்க இல்லை. அப்படியானால் உண்வான் என்று வர வேண்டுமே?

ஒற்றுப்பிழை
நல்ல பிடி. உண்பான், தின்பான், காண்பான், என்பான். பகுதி ண், ன் என்று முடிந்தால் நிகழ்காலத்தில் கிற் இரட்டிக்காது, ஆனால் எதிர்காலத்தில் வ் வராமல் ஒற்றை ப் வரும். இரட்டை ப்ப் இல்லை, கவனியுங்கள். இவை கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சொற்கள், தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ல், ள் முடிவில் சோதனை அழகாகவே வேலை செய்கிறது. செல்ல வேண்டும்: செல்கிறான், செல்வான். கொள்ள: கொள்கிறான், கொள்வான். ஆனால் நிற்க, கற்க, விற்க, கேட்க: நிற்கிறான் நிற்பான், கேட்கிறான் கேட்பான். முன்னாலேயே ற், ட் என்ற வல்லொற்று நிற்பதால் க்க, ப்ப் என்று இரட்டை எழுதுவதில்லை. கேட்க்க என்று எழுத மாட்டோமே.

இன்னொரு எச்சரிக்கை, "போக வேண்டும்", "ஆக வேண்டும்". இது ஒற்றை க. இரட்டையாக எண்ணி போப்பான் என்று யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் தாளில் அவசரமாக வகைப்படுத்தும்போது தவறு வருகிறது. போவான், ஆவான்.

கலாசிபாளையம் கணக்கர்
நிகழ்காலத்துக்கு கிறு, கின்று பார்த்தா போதாதா? ஏன் இவ்வளவு சுத்தணும்? சொல்லுக்குள்ள "கி" இருந்தா நிகழ்காலம். எங்க கடையில பையனுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், ஐந்தாறு கேள்வி சரியா போட்டான்.

ஒற்றுப்பிழை
ஆறாவது கேள்வி "வணங்கினான்" என்று வந்திருந்தால்?

வணங்கினான் என்பதில் "கி" இருக்கிறது, பின்னால் ன் கூட இருக்கிறது, கின்று மாதிரியே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த க் பகுதியோடு சேர்ந்தது: வணங்கு + இன் + ஆன். இறந்தகாலம். நிகழ்காலம் வணங்குகிறான், அங்கே கு தனியாக, கி தனியாக நிற்கும். உறங்கினான், தூங்கினான், இறங்கினான், தூக்கினான் எல்லாமே இந்தக் கண்ணி.

உங்கள் ஏரியாவிலிருந்தே ஒரு உதாரணம். லாரியிலிருந்து மூட்டையை இறக்கினான் – இறந்தகாலம், பகுதி இறக்கு. அதே ஆள் இப்போது செய்தால் இறக்குகிறான். அந்தக் கு-வை விட்டுவிட்டு "மூட்டையை இறக்கிறான்" என்று எழுதினால் பகுதி "இற" ஆகிவிடும், அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கலக்கினான் / கலக்கிறான் இதே கதை: முதலாவது கலக்கு என்பதன் இறந்தகாலம், இரண்டாவது கல என்பதன் நிகழ்காலம். ன, ற என்ற ஒரே எழுத்து வித்தியாசத்தில் காலமும் மாறுகிறது, வினையும் மாறுகிறது.

என் "வேண்டும்" சோதனையும் இங்கே படுத்துவிடும். "இறக்க வேண்டும்" என்பது இரண்டு வினைக்கும் பொது. அதனால் க்க பார்த்ததும் ஏவலைச் சொல்லிப் பாருங்கள். "நீ தூக்கு" என்பதில் க்கு ஏற்கெனவே இருக்கிறது; ஆகவே அந்த க்க பகுதியுடையது, கணக்கில் வராது. தூக்குகிறான், தூக்குவான். "நீ நட" என்பதில் க்கு இல்லை. ஆகவே நடக்க என்பதன் க்க வந்து சேர்ந்தது, கணக்கில் வரும்.

கலாசிபாளையம் கணக்கர்
செத்துக்கிட்டிருக்கார்ங்கிற உதாரணம் மறக்காது. பையன்கிட்ட சொல்லிடறேன்.

ஹெப்பால் அப்பா
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகன் "நாளைக்கு வருகிறேன்" என்ற வாக்கியத்தில் வினை என்ன காலம் என்று கேட்டதற்கு எதிர்காலம் என்று எழுதினான், தப்பு போட்டிருக்கிறார்கள். நாளைக்கு என்று இருக்கிறதே, எப்படி நிகழ்காலமாகும்?

மரபுவழி
இது எனக்குத் தெரியும். வினையின் உருவம் நிகழ்காலம், வரு + கிறு + ஏன். நடக்கப்போவது நாளை. வருவது உறுதி என்ற தெளிவினால் காலம் மாறி வருவதை நன்னூல் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. கேள்வி "வினைமுற்று காட்டும் காலம்" என்றால் நிகழ்காலம். "வாக்கியம் உணர்த்தும் காலம்" என்றால் உங்கள் மகன் சொன்னதுதான். கேள்வியின் சொற்களைப் பார்க்காமல் யார் சரி என்று சொல்ல முடியாது.

ஹெப்பால் அப்பா
"என்ன காலம்" என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

மரபுவழி
அப்படியானால் கேள்வியே சரியில்லை.

அல்சூர் அம்மா
ஒரு விஷயம் கேக்கணும். இவ "படித்தான்" என்பதை நிறைய தடவை நிகழ்காலம்னு போடுறா. இறந்தகாலம் தெரியாதவ இல்ல. பேசும்போது படிச்சான்னு சரியாச் சொல்றா. எழுதியிருக்கிறதைப் பார்த்தாத்தான் குழம்புறா. பள்ளிக்கூடத்துல கன்னடம் படிக்கிறா, அதனால இருக்குமோ?

இந்திராநகர் மொழிப்பித்து
நிச்சயமாக அதுதான். கன்னடத்தில் "ஓதுத்தானெ" என்றால் படிக்கிறான். "நடெயுத்தானெ" என்றால் நடக்கிறான். அங்கே த்த் நிகழ்காலத்தின் அடையாளம், பேச்சில் எதிர்காலத்துக்கும் அதுவே ஓடுகிறது. இறந்தகாலம் "ஓதிதனு", "நடெதனு", ஒற்றைத் த. குழந்தை ஒரு நாளில் கன்னடத் த்தானெ-யை நூறு முறை வாசிக்கிறது, பிறகு தமிழில் படித்தான் வந்தால் கண் அதே பொருளைக் கொடுத்துவிடுகிறது. பெங்களூருப் பிள்ளைகளின் தாள்களில் படித்தான், சிரித்தான், குடித்தான் மூன்றும் இப்படித் தப்பாகி வருவதைப் பார்க்கலாம். ஓடினான், வந்தான் தப்பாவதில்லை, அவற்றில் த்த் இல்லையே.

மாற்று மருந்து அவள் பேச்சிலேயே இருக்கிறது. எழுதிய வடிவத்தை வீட்டில் பேசுகிறபடி சொல்லச் சொல்லுங்கள். இ, ஐ முடிவுக்குப் பின் எழுத்தில் த்த் இருந்தால் பேச்சில் ச்ச், ந்த் இருந்தால் ஞ்ச். படிச்சான், சிரிச்சான், உடைச்சான்; உடைஞ்சுது, எரிஞ்சுது. பேசும்போது அவள் காதுக்குக் கன்னடம் குறுக்கே வருவதில்லை.

ஒற்றுப்பிழை
இதை நான் யோசித்ததில்லை, நல்ல வழி. முதல் கேள்விக்கும் இது உதவும்: உடைஞ்சுது, உடையுது, உடைச்சான், உடைக்கிறான். காதாலேயே வரிசை பிரிந்துவிடும். ஒரு சிறு கவனம், "காய்ச்சினான்" என்பதில் வரும் ச்ச் பகுதியுடையது. காய்ச்சு என்பதே வினை, இறந்தகாலம் காட்டுவது பின்னால் வரும் இன்.

இந்திராநகர் மொழிப்பித்து
சரி, எனக்கும் ஒரு சண்டை இருக்கிறது. சேர்ந்தான் என்பதைப் பள்ளியில் சேர் + த்(ந்) + த் + ஆன் என்று பிரிக்கச் சொல்கிறார்கள். த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இடைநிலை. இல்லாத ஒரு த்-ஐக் கொண்டுவந்து, உடனே அதை ந் ஆக்குவானேன்? ந்த் என்பதே இறந்தகால அடையாளம் என்று ஒரே வீச்சில் சொல்லிவிடலாமே.

ஒற்றுப்பிழை
நன்னூல் இறந்தகாலத்துக்குத் த், ட், ற், இன் என்று நான்கே இடைநிலைகள் கொடுக்கிறது. ந்த் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த நான்குக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டுமானால் ந்-க்கு வேறு பெயர் கொடுத்தாக வேண்டும், அதுதான் சந்தியும் விகாரமும். ஒரு லாபமும் உண்டு: சேர்த்தான் சேர் + த் + த் + ஆன், சேர்ந்தான் சேர் + த்(ந்) + த் + ஆன். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்த ஒரு விகாரம் மட்டுமே என்று தெளிவாகத் தெரிகிறது.

இந்திராநகர் மொழிப்பித்து
அது வித்தியாசத்துக்குப் பெயர் வைத்தது, காரணம் சொன்னது இல்லை. ஏன் ஒன்றில் மாறியது, மற்றதில் மாறவில்லை?

மரபுவழி
தேர்வில் ந்த் என்று ஒரே இடைநிலையாக எழுதினால் மதிப்பெண் கிடையாது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நீங்கள் இருவரும் சண்டையைத் தொடருங்கள்.

தேர்வாளன்
எனக்கும் ஒண்ணு. கேட்டான், விட்டான் ரெண்டுலயும் ட்ட். ரெண்டுக்கும் ட் இடைநிலைன்னு போடலாமா?

ஒற்றுப்பிழை
கேட்டானுக்குப் போடலாம்: கேள்(ட்) + ட் + ஆன். விட்டானுக்குப் போடக்கூடாது. பகுதி விடு, அதுவே விட்டு என்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுகிறது, தனியாக இடைநிலை இல்லை. பெறு, பெற்றான் அப்படியே.

இங்கேயும் "வேண்டும்" சோதனை கைகொடுக்கும். விட வேண்டும், பெற வேண்டும், சுட வேண்டும்: க்க இல்லை, ஆகவே விட்டான், பெற்றான், சுட்டான் என்று பகுதி இரட்டிக்கிறது. கொடுக்க, எடுக்க, அறுக்க: க்க உண்டு, ஆகவே கொடுத்தான், எடுத்தான், அறுத்தான். "படு" என்ற ஒரே உருவத்தில் இரண்டும் ஒளிந்திருக்கும். துன்பம் பட வேண்டும்: பட்டான், படுகிறான், படுவான். பாயில் படுக்க வேண்டும்: படுத்தான், படுக்கிறான், படுப்பான். இது குறில் இணையாக வந்து டு, று என்று முடியும் இரண்டெழுத்துச் சொல்லுக்குத்தான். ஓடு, பாடு, தேடு எல்லாம் நெடில், இன் எடுக்கும்: ஓடினான். அதிலும் "போடு" மட்டும் கேட்காமல் போட்டான் என்று நிற்கும்.

தேர்வாளன்
என்கிட்ட இருக்கிற ஒரு கையேட்டுல விட் + ட் + ஆன்னு போட்டிருக்கு.

ஒற்றுப்பிழை
"விட்" என்று ஒரு பகுதி தமிழில் இல்லை. நீ விட் என்று யாரையாவது ஏவிப் பாருங்கள்.

அல்சூர் அம்மா
நேத்து ராத்திரி இருபது சொல் கொடுத்து "வேண்டும்" வச்சுச் செய்யச் சொன்னேன். அடை, மறை, உடை, படு எல்லாம் ரெண்டு பக்கமும் சரியா எழுதிட்டா. "சேரும்" என்பதற்கு எதிர்கால இடைநிலை எழுதுன்னு தாள்ல ஒரு கேள்வி இருந்துச்சு, வ்-னு போட்டா.

ஒற்றுப்பிழை
அங்கே இடைநிலையே கிடையாது. அது சேரும், அது சேர்க்கும் என்பவற்றில் உம் விகுதியே காலத்தையும் காட்டிவிடுகிறது. ப், வ் தேடுவது அவன், அவள், அவர், நான், நீ என்பவற்றோடு வரும் முற்றுகளில். ஆனால் பாருங்கள், சேரும் சேர்க்கும் என்பதிலும் சேர, சேர்க்க என்ற அதே பிரிவு தெரிகிறது.

அல்சூர் அம்மா
சரி. இன்னொண்ணு, விழுந்தான் சரியாப் போட்டுட்டு, அதே மாதிரி "அழுந்தான்"னு எழுதியிருக்கா. விழ வேண்டும், அழ வேண்டும், ரெண்டும் ஒரே மாதிரி. விழுவான், அழுவான் ஒரே மாதிரி. விழுந்தான் சரின்னா அழுந்தான் ஏன் தப்புன்னு கேக்குறா. எனக்குப் பதில் தெரியல.

ஒற்றுப்பிழை
என்னிடமும் விதி இல்லை. "வேண்டும்" சோதனை நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும்தான் உத்தரவாதம். இறந்தகாலம் இந்த மாதிரி இடங்களில் பழக்கம். விழு, எழு: விழுந்தான், எழுந்தான். அழு, உழு: அழுதான், உழுதான். "அழுந்தினான்" என்று எங்காவது பார்த்தால் அது அழுந்து என்ற வேறு வினை, இவளுடைய அழுகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. "எழுதினான்" என்பதையும் எழு பக்கம் கொண்டுபோக விடாதீர்கள், பகுதி எழுது.

கலாசிபாளையம் கணக்கர்
தொழு எந்தப் பக்கம்?

ஒற்றுப்பிழை
அழு பக்கம். தொழுதான்.